ஒரு எபிசோடின் முப்பத்தோராவது நிமிடம்

ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டின் முன்னறை ஜன்னலோரம்தான் என் அலுவலகம். கல்லூரித் தோழி ஒருத்தி குன்னூரிலிருந்து பாட்காஸ்ட் நடத்துகிறாள். எஸ்டேட்டிலும் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களை உட்கார வைத்துப் பேச விடுவாள். அந்தப் பேச்சை மென்பொருள் எழுத்தாக்கி ஒரு நீண்ட கோப்பாகத் தரும். அது என்னிடம் வரும். நான் அதைப் படித்து, கேட்டு, எபிசோடுக்குக் கீழே போடும் குறிப்பை எழுத வேண்டும்: இரண்டு வரி அறிமுகம், எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்ற தலைப்புகள், கடைசியில் மூன்று நான்கு லிங்க்.

சென்ற மழைக்காலத்தில் வந்த ஒரு கோப்பை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். பேசியவர் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. முதல் பக்கத்திலேயே இப்படி இருந்தது: "காலைல எட்டு மணிக்குக் குழந்தையைக் கிள்ள ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் கிள்ளுவோம்." மென்பொருளுக்குக் கொழுந்து தெரியவில்லை. கோப்பு முழுக்கப் பெண்கள் வரிசையாக நின்று குழந்தைகளைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

அதற்குள் தோழி போன் செய்தாள். அவளும் கோப்பை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறாள்.

"புள்ள, நாப்பத்தோராவது நிமிஷம் பாத்தியா? 'என் கூடையில முத்தம் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாரு'ன்னு வருது. அதையே தலைப்பா வெச்சரலாம். எல்லாரும் கேப்பாங்க."

"நீதானே எதிர்ல உக்காந்து பேசின? அப்படியா சொன்னாங்க?"

"ஒன்னரை மணி நேரம் பேசினோம். எனக்கு எது ஞாபகம் இருக்கு?"

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அக்கா சொன்னது முத்தம் இல்லை, முத்தல். முற்றிப்போன இலை. கூடையைச் சோதித்த லீஃப் கிளார்க், இலை முத்தலாக இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் திருப்பி அனுப்பிவிட்டாராம். தோழியிடம் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நான் மேலே கேட்கக் கேட்க, விஷயம் முத்தத்தைவிட நன்றாகவே போனது.

அக்கா கோபத்தோடு நேராக ஃபீல்டு ஆபீசரிடம் போய், புது கிளார்க் வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார் என்று புகார் சொல்லியிருக்கிறார். ஆபீசர் கிளார்க்கைக் கூப்பிட்டு, யார் புகார் சொன்னது என்று சொல்லாமல், எல்லாப் பெண்களிடமும் பணிவாகப் பேசிவிட்டு வா என்று மலைக்கு ஏற்றியிருக்கிறார். வரிசை வரிசையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தவர் அக்காவிடம் மட்டும் சற்று அதிக நேரம் நின்றிருக்கிறார். அடுத்த வருஷம் அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணம். "கம்ப்ளைன்ட் குடுத்தது நாந்தான்னு இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஃபேக்டரில இருந்த இன்னொரு ஆளுன்னு நெனச்சுட்டிருக்காரு" என்று அக்கா சொல்லிவிட்டுச் சிரிப்பது ஒலியில் அழகாகக் கேட்டது.

பிறகு நேரம் குறிக்கும் வேலை. கோப்பில் இருந்த நேரங்கள் வெட்டாத பதிவுக்கானவை. தோழி தொடக்கத்தில் மைக் சரிபார்த்த ஆறு நிமிடப் பேச்சை நீக்கிவிட்டு முப்பது நொடி இசை சேர்த்திருந்தாள். ஆகவே எல்லா நேரத்திலும் ஐந்தரை நிமிடம் கழித்துப் பட்டியல் போட்டேன். முதல் தலைப்பு 00:00 என்று தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ தளம் பட்டியலைப் பிரிவுகளாக எடுத்துக்கொள்ளாது; அதையும் பார்த்துக்கொண்டேன். ஆனால் 35:35-ஐ அழுத்தினால் அக்கா கரடி பார்த்த கதையில் இருந்தார். முடிந்த ஒலியை முதலிலிருந்து கேட்டபோதுதான் தெரிந்தது: இருபத்தைந்தாவது நிமிடம்போல மழை தகரக் கூரையில் கொட்டிய நான்கு நிமிடத்தையும் தோழி வெட்டியிருந்தாள், என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வரும் தலைப்புகளை எல்லாம் இன்னும் நான்கு நிமிடம் முன்னே நகர்த்தினேன். புகார்க் கதை 31:35-க்கு வந்து உட்கார்ந்தது.

லிங்க் ஒன்று மிச்சம் இருந்தது. கையால் உருட்டிய தேயிலை விற்கும் மகளிர் குழு ஒன்றை அக்கா சொல்லியிருந்தார். கோப்பில் இருந்த பெயரைத் தேடினால் சேலத்தில் ஒரு சேலைக் கடை வந்தது. அக்காவுக்கே போன் செய்தேன். பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னவர், பிறகு கேட்டார்:

"கண்ணு, நீ எழுதறதை எங்க ஊட்டுக்காரர் படிப்பாருல்ல?"

"அவர் கேக்க மாட்டாருங்களா?"

"காது மந்தம். பின்னாடி ஃபேக்டரில எலை உருட்டற ரோலிங் ரூம்ல போட்டாங்க, மிஷின் சத்தத்துலயே போயிருச்சு. ஹெட்போன் வெச்சா இரைச்சல்தான்ங்கறாரு. ஆனா எழுத்துன்னா ஒரு வரி உட மாட்டாரு."

"அப்போ அந்தக் கம்ப்ளைன்ட் விஷயம்... தலைப்புல போடலாமுங்களா?"

"போடு. என்னன்னு மட்டும் போடாத. என்னைக் கேக்கட்டும்."

"31:35 – முப்பது வருஷமாகச் சொல்லாத ஒன்று" என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலை எபிசோடு வெளியானது.

வியாழக்கிழமை அக்காவும் அவர் வீட்டுக்கார அண்ணனும் ஊட்டி மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் வழி விசாரித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டிருந்தார். உட்காருவதற்கு முன்பே போனை நீட்டி அந்த வரியைக் காட்டினார்.

"ஏனுங்க அம்மிணி, இது என்னங்க? ரெண்டு நாளா கேக்கறேன். எழுதின புள்ளையவே போய்க் கேளுங்கங்கறா."

அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தபடியே சரியென்று தலையை ஆட்டினார். அந்த ஐந்து நிமிடப் பேச்சை மட்டும் பிழை திருத்தி, யார் பேசுவது என்று வரிக்கு வரி பிரித்து, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். எனக்கு உள்ளூரப் பயம்தான். இது என் வேலையில் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

அண்ணன் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். நடுவில் ஒரு முறை நிறுத்தி, முதலிலிருந்து திரும்பப் படித்தார். அம்மா கொண்டு வந்த டீ ஆறிப்போனது. பிறகு தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

"பாவம், ஃபேக்டரில இருந்த அந்த மனுசன்கூட ரிட்டயர் ஆகற வரைக்கும் நான் சரியா பேசலை" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். அக்காவும் திரும்பி உட்கார்ந்து சிரித்தார்.

"ஆனா அன்னிக்கு எலை முத்தல்தான்" என்றார் அண்ணன், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

"முத்தலே இல்ல" என்று அக்கா அவர் காதருகே கத்தினார். "செடியக் கவாத்து வெட்டி ஆறு மாசங்கூட ஆகல, அதுல எங்கேருந்து முத்தல் வரும்?"

"நான் பாத்தேன்."

"என் மூஞ்சியப் பாத்தீங்க."

என் அம்மா அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள்.

கிளம்பும்போது அண்ணன் என்னிடம் கேட்டார், தன் பக்கத்தைச் சொல்லவும் இடம் உண்டா என்று. தோழிக்குப் போன் செய்தேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அடுத்த வாரமே பதிவு நடந்தது. கேள்விகள் அவருக்குக் கேட்காது என்பதால் பெரிய அட்டைகளில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டினோம். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடாததால், என் கைக்கு வந்த கோப்புகளிலேயே சுத்தமானது அதுதான். கொழுந்தைக்கூட நான்கு இடத்தில் சரியாகவே எழுதியிருந்தது. வெளியிடுவதற்கு முன் தலைப்புப் பட்டியலை அண்ணனுக்கு அனுப்பினேன். ஒன்பது தலைப்பையும் படித்து, ஏழாவதை மட்டும் அடித்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தன் கையெழுத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார்: "இலை முத்தல்தான் – ஆதாரங்களுடன்."

அதையே போட்டோம்.