கடப்பாக்கத்துக்கு நான் போட்ட சுழியம்

மாமல்லபுரத்திலிருந்து கடப்பாக்கம் வரை எங்கள் நிறுவனத்துக்கு இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகள் ஏழு. ஒவ்வொன்றிலும் தொட்டித் தண்ணீரின் வெப்பத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் எழுதும் ஒரு சிறிய லினக்ஸ் கணினி. கூடுவாஞ்சேரி அலுவலகத்திலிருந்து அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் போன மாதத்துப் பதிவுகளின் எண்ணிக்கையைக் கேட்டார். ஏழு கணினிகளிலும் ஒவ்வொன்றாக நுழைய அலுப்பாக இருந்ததால் பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், ஒரு சின்ன நிரல், எழுதினேன். அது தொலைவிலிருந்தே நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஒவ்வொன்றிலும் நுழைந்து, அந்த மாதத் தேதியுள்ள வரிகளை grep கட்டளையால் எண்ணி, பதில்களை அட்டவணையாக்கும். ஆறு ஊர்களுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. கடப்பாக்கத்துக்குச் சுழியம். அப்படியே அனுப்பினேன்.

கடப்பாக்கத்தில் கணினியைக் கவனிக்கும் ஆபரேட்டர் போன மாதம் முழுக்க அதை அணைத்துப் போட்டிருக்கிறார், இந்த மாதம் முடியும் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மேனேஜர் ஏழு ஹேச்சரிகளுக்கும் மெயில் போட்டுவிட்டார். அரை மணியில் ஆபரேட்டரின் போன்.

"இன்னா சார் இது? மிஷினு ஓடிக்கினுதான் கீது. நான் ஆஃப் பண்ணத யாரு பாத்தாங்க?"

கணினி பொய் சொல்லாது என்றேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

"அப்போ நீங்களே உள்ள போய்ப் பாருங்க சார்."

கடப்பாக்கம் கணினிக்குள் நுழைந்து அதே கட்டளையைக் கையால் அடித்தேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. தொலைவிலுள்ள கணினி பதிலை ஒரு வழியிலும் பிழைச் செய்தியை வேறொரு வழியிலும் அனுப்புகிறது. என் ஸ்கிரிப்ட் முதல் வழியை மட்டும் படித்தது. போதாததற்கு, பதில் வெறுமையாக இருந்தால் சுழியம் போடு என்று நானே ஒரு வரி எழுதியிருந்தேன். கோப்பைத் திறந்து பார்த்து எதுவும் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டளையே 0 என்று சொல்லும். வெறுமை என்றால் அது எண்ணவே இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல.

பொங்கலுக்கு முன் ஆபரேட்டர் மெமரி கார்டை மாற்றியபோது கோப்பு வேறு ஃபோல்டருக்குப் போயிருந்தது. அதை அவர் என்னிடம் சொல்லியிருந்தார். தேதி, நேரத்தோடு என் நோட்டில், என் கையெழுத்திலேயே இருந்தது.

புதிய இடத்தில் எண்ணினால், மின்சாரம் போன ஒரு பிற்பகல் தவிர எல்லாம் இருந்தது. பிழை வழியையும் படித்து, கட்டளை தோற்றால் 'எண்ணவில்லை' என்று எழுதும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினேன்.

நடந்ததைச் சொன்னதும் மேனேஜர், ஆபரேட்டரிடம் தானே போனில் சொல்லிவிடுவதாகவும் திருத்த மெயில் வேண்டாம் என்றும் சொன்னார். ஆபரேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "போன்லாம் வேணாம் சார். அந்த மெயிலு எத்தினி பேருக்குப் போச்சோ, அத்தினி பேருக்கும் இதுவும் போவட்டும்."

மேனேஜரைக் கேட்காமலே அனுப்பினேன். தவறு என்னுடையது என்பது முதல் வரியில். இரண்டு நாள் மேனேஜர் என்னிடம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஆபரேட்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டார். அன்று மாலை ஆபரேட்டரிடமிருந்து ஒரு வரி வந்தது, ஏழு ஹேச்சரிகளுக்கும் நகலோடு: அடுத்த தடவை அந்த ஸ்கிரிப்டை யாரிடமாவது காட்டிவிட்டு ஓட்டவும்.