நடுவில் எழுந்து போனவர்

திருமழிசையில் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் கணினி படித்த ஸ்வீட்லினுக்கு அன்று தேர்வு. புத்தகம், இணையம் எல்லாம் பார்த்து வீட்டிலேயே எழுதும் தேர்வு. மருத்துவமனை டோக்கன் வரிசைக்கு நிரல் வடிவமைக்க வேண்டும். டோக்கன் வாங்கிய நோயாளி நடுவில் எழுந்து போகலாம் என்றும் கேள்வியில் இருந்தது.

"நெட்ல ரெடியா கீது, எல்லாரும் இதத்தான் அனுப்புறோம்" என்று வகுப்புத் தோழன் ஜாபஸ் நிரல் ஒன்றை அனுப்பியிருந்தான். ஓட்டிப் பார்த்தாள். எழுந்து போனவரையும் அது கூப்பிட்டது. போனவரின் எண்ணைக் குறித்துவைத்து, முறை வரும்போது தாண்டிவிடும்படி தானே எழுதினாள். தன்னுடையது மட்டும் வேறு என்று தெரிந்தது. இருந்தும் அனுப்பினாள்.

திங்களன்று நிரலைப் பற்றி ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்க, ஆசிரியர் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்.

"போனவர் திரும்பி வந்தா?"

"புது டோக்கன் சார். பழசு செல்லாது" என்றாள்.

"சரி. அடுத்த ஆளை வரச் சொல்லும்மா."

வெளியே ஜாபஸ் முகம் வெளிறி நின்றான். அவன் பின்னால் வகுப்பே வரிசையில் நின்றது. இந்த வரிசையில் யாரும் நடுவில் எழுந்து போக முடியாது.