கம்பெனி அன்பளிப்பும் வெளியே நிற்கும் விதியும்

அறுபதுகளில் திண்டிவனத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் டாக்டர்; காசநோய் வார்டு என் பொறுப்பில் இருந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மருந்து விற்க வரும் கம்பெனி ரெப்புகளுக்கு அது நன்றாகத் தெரியும். மதராஸிலிருந்து வந்து விழுப்புரத்து லாட்ஜில் தங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் அவர்கள். தீபாவளிக்கு ஒருவர் பட்டுப்புடவைப் பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். பெட்டியோடு அவரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

பெரிய டாக்டர் அப்படியில்லை. அதே கம்பெனி கொடுத்த டிரான்சிஸ்டர் ரேடியோ அவர் அறையில் பாடிக்கொண்டிருக்கும். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கத்தியைப் பிடித்தால் அவர் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் ரேடியோ வந்த பிறகு, அந்தக் கம்பெனி டானிக் எழுதாத சீட்டே அவரிடமிருந்து வரவில்லை. அடுத்த வருஷத்துக்கு அதைப் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ட் எல்லா மருந்துக்கும் சேர்த்து ஒதுக்கும் பணம் ஒன்றுதான். டானிக் வந்தால் என் வார்டுக்கு ஊசி குறையும். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தினால், பிறகு அதே மருந்து அந்த உடம்பில் வேலை செய்யாமல் போய்விடும். முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அப்போதுதான் இருமல் அடங்கி, ஒரு கிண்ணம் கேப்பைக் கூழை முழுசாகக் குடிக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? டிரஸ்ட் தலைவருக்கு எழுதினேன். அவர் விழுப்புரத்தில் அரிசி மில் வைத்திருந்தவர். அன்பளிப்பு விஷயத்தில் ஒரு விதி எழுதிக்கொண்டு வரும்படி பெரிய டாக்டரிடமே சொல்லிவிட்டார்!

மில் ஆபீஸில் கூட்டம். தலைவர், பெரிய டாக்டர், புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டர், நான். பெரிய டாக்டர் தம் விதியை வாசித்தார்: தம் மருத்துவ முடிவைப் பாதிக்கும் என்று மருத்துவர் கருதும் அன்பளிப்பை அவர் ஏற்கக் கூடாது. கேட்க எவ்வளவு அழகு! தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். சின்ன டாக்டரைப் பார்த்து, அதே கம்பெனி உங்களுக்குக் கொடுத்த ஸ்டெதஸ்கோப்பால் நீங்கள் எழுதும் சீட்டு மாறியதா என்று கேட்டேன். அவர் பதறிப்போய், இல்லவே இல்லை என்றார். பெரிய டாக்டரைக் கேட்டேன். ஒரு ரேடியோவுக்கு விலைபோகிறவனா நான் என்று முகம் சிவந்தார்.

"சரிங்க சார். இவருக்கு அந்த ஸ்டெதஸ்கோப் குடுத்தாங்களே, அதால இவர் மாறியிருப்பாரா?"

பெரிய டாக்டர் யோசிக்கவே இல்லை. "சின்ன வயசும்மா. கொஞ்சம் சாயத்தான் செய்வார்."

சின்ன டாக்டரிடம் ரேடியோவைப் பற்றிக் கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். அது போதும் எனக்கு.

"அவங்கவங்களைக் கேட்டா யாரும் மாறல. அடுத்தவரைக் கேட்டா எல்லாரும் மாறிட்டாங்க. பாதிக்குதா இல்லையான்னு வாங்கினவரே தீர்ப்பு சொல்ற விதி எதுக்குங்க?"

தலைவர் பேனாவை மூடினார். "அப்ப நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா, எழுதிக்கினு வர்றேன்."

சொன்னேன். கம்பெனியிடமிருந்து மருத்துவர் எந்த அன்பளிப்பும் ஏற்கக் கூடாது. சாம்பிள் மருந்து ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் சேர வேண்டும். முன்பே ஏதாவது வாங்கியவர் அதைக் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பெனி மருந்தைப் பற்றி முடிவெடுக்கும்போது அறைக்கு வெளியே இருக்க வேண்டும். இது திருடனுக்குப் போட்ட விதி இல்லை, நல்லவருக்கும் சேர்த்துத்தான் என்றேன். பெரிய டாக்டர் தலைவரின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்ததாக மருந்து வாங்கும் பட்டியல் வந்தது. டானிக் பெயரைத் தலைவர் படித்ததும் பெரிய டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ரேடியோ வாங்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சின்ன டாக்டரும் ஸ்டெதஸ்கோப்பைச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார். நெல் காயும் களத்து ஓரம் இரண்டு பேரும் வெயிலில் நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் மேல் அத்தனை மரியாதை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

டானிக்கில் என்ன இருக்கிறது என்று தலைவர் கேட்டார். சர்க்கரைத் தண்ணீரும் கொஞ்சம் வைட்டமினும் என்றேன். பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டார். வார்டுக்கு ஊசியும் மாத்திரையும் வருஷம் முழுக்கக் குறையாமல் வாங்குவதென்று முடிவானது.

வெளியே போய் அவர்களைக் கூப்பிட்டேன். டானிக் என்ன ஆயிற்று என்று பெரிய டாக்டர் கேட்கவில்லை.

"உன் முகையூர்க்காரிக்கு மருந்து உண்டா?"

"கடைசி ஊசி வரைக்கும் உண்டு சார்."

"அப்ப உள்ள வா. மிச்சத்தையும் முடிப்போம்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.