ஸ்லைடுக்குக் கீழே வினைச்சொல் வேண்டாம்

“மாய்ஸ்சர் டேமேஜ் இஸ் எ மேஜர் கன்சர்ன் ஃபார் ஆல் எக்ஸ்போர்ட்டர்ஸ்” என்று மேஸ்திரி வாசித்தார். சுவரில் விழுந்திருந்த ஸ்லைடிலும் அதே வாக்கியம், ஆங்கில எழுத்தில். அவருடைய மடிக்கணினியில், ஸ்லைடுக்குக் கீழே பேசுகிறவருக்கென்று இருக்கும் குறிப்புக் கட்டத்திலும் அதே வாக்கியம், தமிழ் எழுத்தில். அந்தக் குறிப்பு பேசுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அப்போதே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

“மேஸ்திரி, செவுத்துல இருக்கிறத நாங்களே படிச்சுப்போம். நீங்க எதுக்கு?” என்றேன்.

“பின்ன நான் இன்னா சொல்றது யக்கா? அதுல எல்லாம் கீதே!”

திருவொற்றியூரில் நாங்கள் விற்பது ஈரம் உறிஞ்சும் பை. கப்பலில் போகும் கன்டெய்னருக்குள் தொங்கவிடுவது. நான் அங்கே கடிதம் எழுதுகிறவள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. தமிழும் கம்ப்யூட்டரும் நானாகக் கற்றுக்கொண்டவை. மேஸ்திரி பதினைந்து வருடம் யார்டில் கன்டெய்னருக்குள் ஏறி இறங்கிப் பை தொங்கவிட்டவர். முட்டி தேய்ந்து, இனி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் முதலாளி அவரைச் சேல்ஸுக்கு மாற்றினார். மாற்றினாரே தவிர நம்பவில்லை. முதலாளி தெற்கத்திக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. ஒத்திகையைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“எம்மா, இவன் என்ன பேசுதானா, பாடம் வாசிக்கானா? வியாழக்கெழம மாதவரம் மொளகாக் குடோன்காரங்க முன்னால பேசணும். அங்கயும் இப்படி வாசிச்சாம்னா நான் இங்கிலீசு பேசுத ஆள ஒருத்தனப் போட்டுருவேன். இவன் யார்டுக்கே போவட்டும்.”

மேஸ்திரி முட்டியைத் தேய்த்துக்கொண்டார். யார்டுக்குப் போவதென்றால் மறுபடி ஏறுவது. ஏறினால் எத்தனை மாதம் தாங்கும் என்று மூவருக்கும் தெரியும்.

அன்றைக்குத் திங்கட்கிழமை.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஆங்கிலத்தை எடுத்துவிட்டு நல்ல தமிழில் எழுதினேன். “கன்டெய்னரின் உட்புறத்தில் உள்ள காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் கூரையில் நீர்த்துளியாகப் படிந்து சரக்கின் மீது சொட்டுகிறது.” எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் காலை அவர் அதை வாசித்தார். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று ரேடியோவில் சொல்வார்களே, அந்தக் குரல். “படிந்து” என்ற இடத்தில் மூச்சு வாங்கினார். “சொட்டுகிறது” என்பதில் அந்தக் கடைசி ‘து’வை ஆணி அடிப்பதுபோல் அடித்தார்.

எரிச்சலில் நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். கூடவே வந்த மேஸ்திரி, கடை வாசலில் லாரி டிரைவர் ஒருவரிடம் என்ன விற்கிறோம் என்று விளக்க ஆரம்பித்தார்.

“இட்லி குண்டான் தெரியும்ல நைனா? மூடியத் தூக்குனா உள்பக்கம் தண்ணி சொட்டுதா? அந்தத் தண்ணி இன்னா வானத்துலேர்ந்தா வந்துச்சு? இட்லிலேர்ந்தே வந்துது. கன்டெய்னரு பொட்டியும் அத்த மாரித்தான். மொளகா மூட்ட, அடில மரத் தரை, எல்லாத்துலயும் ஈரம் கீது. கப்பலு குளுரான ஊருக்குப் போவும், மேல தகரம் சில்லுனு ஆவும், பொட்டி வேர்க்கும். மேல் வரிச மூட்ட காலி.”

டிரைவர் டீயைக் குடிக்க மறந்து நின்றார். இதைத்தானே ஐயா இரண்டு நாளாகக் கேட்கிறேன்! மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதை எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. போனை எடுத்து, மற்ற ஸ்லைடு விஷயங்களையும் சேர்த்து மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன். சாயங்காலத்துக்குள் ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்து எல்லா ஸ்லைடுக்கும் கீழே போட்டேன். ‘கீது’ கூட மாற்றவில்லை. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை காலை அவர் திறந்து பார்த்தார். வாசிக்கவே இல்லை. முகம் கறுத்தது.

“இன்னா யக்கா இது? நக்கலா?”

“உங்க பேச்சுதான் மேஸ்திரி. அப்படியே…”

“என் பேச்சு என் வாயில இருந்தா பேச்சு. இப்டி எழுதிக் காட்னா அது காமெடி. படத்துல எங்கள வெச்சு சிரிப்பாங்களே, அத்த மாரி கீது. நாளைக்கு அந்த குடோன்காரர் ஓரமா எட்டிப் பாத்தார்னா? ‘பொட்டி வேர்க்கும், மேல் வரிச காலி’னு எழுதி வெச்சுகினு ஒரு ஆளு வந்துகீறான்னு நெனைக்க மாட்டாரு?”

“எட்டிப் பாக்க மாட்டாரு. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.”

“எனக்குத் தெரியுதே! அது போதாதா?”

எனக்கும் கோபம் வந்தது. இரண்டு நாள் எனக்கும் இதிலேயே போயிருந்தது. “அப்ப எதத்தான் எழுதறது? இங்கிலீஷ் எழுதினா வாசிக்கிறீங்க, நல்ல தமிழ் எழுதினா செய்தி வாசிக்கிறீங்க, உங்க தமிழ் எழுதினா சண்டைக்கு வர்றீங்க!”

“நல்லா பேஜாரு பண்ற யக்கா. வாசிச்சுத்தான் பாரேன், நீயே.”

வாசித்தேன். அப்போதுதான் புரிந்தது. பேசும்போது வழுக்கிக்கொண்டு போன வாக்கியம், எழுத்தில் பார்க்கும்போது கல் தடுக்குவதுபோல் தடுக்கியது. ‘கீது’ என்பதை என் காது தினமும் கேட்கிறது. என் கண் அதைப் பார்த்ததே இல்லை. கண் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது வாய் எங்கே இயல்பாகப் பேசும்?

நான் அந்த மூன்று குறிப்புகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இட்லி குண்டான் யார் சொன்னாலும் இட்லி குண்டான்தான். மூடி மூடிதான். சண்டை முழுக்க வாக்கியத்தின் வாலில் இருந்தது. சொட்டுகிறது, சொட்டுது, சொட்டிகினு கீது. மரியாதை, ஊர், படிப்பு எல்லாம் நம் பேச்சில் வினைச்சொல்லில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை நான் எழுதிக் கொடுத்தால் என் வாயை அவருக்கு ஒட்டவைக்கிறேன் என்று அர்த்தம்.

எல்லா வினைச்சொல்லையும் அழித்தேன்.

முதல் ஸ்லைடுக்குக் கீழே மிஞ்சியது இவ்வளவுதான்: “இட்லி குண்டான். மூடி. மேல் வரிசை மூட்டை.” எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு ஒன்றாகப் போட்டேன். ஸ்லைடில் ஏற்கெனவே இருக்கும் எதையும் குறிப்பில் வைக்கவில்லை. ஸ்லைடில் இருந்த ஆங்கில வாக்கியத்தையும் தூக்கிவிட்டு, கூரையில் நீர் கோத்து நிற்கும் படம் ஒன்றைப் போட்டேன். ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில்தான் அவர் எப்போதும் திணறுவார். அங்கே மட்டும் ஒரு கேள்வி: “பை எங்கே?” அந்தக் கேள்விக்குப் பதிலாக அடுத்த ஸ்லைடு வரும்.

“மீதி எங்க?” என்றார் மேஸ்திரி.

“உங்ககிட்ட.”

பார்த்தார். வாயைத் திறந்தார். வாசிக்க ஒன்றும் இல்லாததால், வேறு வழியில்லாமல், என்னைக் குடோன்காரராக நினைத்து, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். ‘சார்’ போட்டுக்கொண்டார், ‘கீது’வை ‘இருக்கு’ ஆக்கிக்கொண்டார். எதிரே இருக்கிற ஆளுக்குத் தக்கபடி அவரே வால் மாட்டிக்கொண்டார்.

இதற்குள் அண்ணாச்சி வந்து கம்பெனி வரலாறு பற்றிய ஸ்லைடில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரே எழுதிய ஆங்கிலப் பத்தி. கீழே குறிப்பிலும் அதே பத்தி. கெஞ்சிப் பார்த்தேன். “அது என் அப்பா ஆரம்பிச்ச கம்பெனிம்மா” என்றார். அதை அப்படியே விட்டேன்.

வியாழக்கிழமை மாதவரம் குடோனின் மாடி அறையில் குடோன்காரரும், ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்ளும் அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் கேபிளை மாட்டியதும், திரையில் ஸ்லைடு மட்டும் வருகிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு நான் ஓரமாக நகர்ந்தேன்.

மேஸ்திரி மடிக்கணினியை ஒரு பார்வை பார்த்தார். “மேடம், வீட்டுல இட்லி குண்டான் மூடிய தொறக்கும்போது கவனிச்சிருக்கீங்களா?”

மூன்றாவது ஸ்லைடில் அந்தப் பெண் குறுக்கிட்டார். “ஒரு நிமிஷம். இந்தப் பையே நெறஞ்சு கிழிஞ்சா? அந்தத் தண்ணி எங்க மூட்ட மேலதானே கொட்டும்?”

அதற்கான பதில் ஏழாவது ஸ்லைடில் இருந்தது. மேஸ்திரி மடிக்கணினியைப் பார்க்கவே இல்லை. பழைய பை ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் போட்டார்.

“அமுக்குங்க மேடம். பயப்படாதீங்க. தண்ணியா இல்ல, கூழா இருக்கு பாத்தீங்களா? இது கப்பல்ல போயிட்டு வந்தது. இன்னொண்ணு, மூட்டைக்கு நேர் மேல தொங்க விட்டா அது தொங்க விட்டவன் தப்பு. செவுத்துத் தகரத்துல பள்ளம் பள்ளமா மடிப்பு இருக்குல்ல, அந்தப் பள்ளத்துக்குள்ள நிக்கணும். சரக்கு மேல உரசவே கூடாது.”

அந்தப் பெண் அமுக்கிக்கொண்டே இருந்தார். டிவியில் மூன்றாவது ஸ்லைடு அரைமணி நேரம் அப்படியே நின்றது. யாரும் கவலைப்படவில்லை.

கடைசியில் கம்பெனி வரலாறு வந்தது. மேஸ்திரி நிமிர்ந்தார், தொண்டையைச் செருமினார், “எஸ்டாப்ளிஷ்ட் வித் எ விஷன்…” என்று முழுப் பத்தியையும் வாசித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இது மட்டும் வேற யாரோ எழுதினது மாதிரி இருக்கே?” என்றார் அந்தப் பெண்.

“ஓனர் எழுதினது மேடம். கைவைக்கக் கூடாதுன்னு ஆர்டர்.”

பெரியவர் சிரித்துவிட்டார். இரண்டு கன்டெய்னருக்குப் போட்டுப் பார்க்கிறோம், தொங்கவிடும்போது இவர் கூட நிற்க வேண்டும் என்றார்கள். “நிக்கிறேன் சார். ஏற மாட்டேன், கீழ நின்னு சொல்றேன்” என்றார் மேஸ்திரி.

திரும்பி வந்து சொன்னதும் அண்ணாச்சி கன்னத்தைத் தடவிக்கொண்டு, “சரி, சேல்ஸ்லயே இரி. அடுத்ததுக்கும் நீயே போ” என்றார். மேஸ்திரி அங்கேயே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“எம்மா, இவன் அங்க என்னெல்லாம் பேசுனானோ, ஒண்ணு விடாம டைப் பண்ணி கீழ போட்டுரு. எம் மருமவன் அடுத்த வாரம் கோயம்புத்தூர் போவுதான். அத அப்படியே வாசிச்சிருவாம்லா?”