கூண்டு யாருடையது

ஜெபமாலைக்கும் அவள் தம்பி ரெக்ஸுக்கும் பேச்சு நின்று பல வருஷம். அய்யா செத்ததும் வீட்டு மனையை விற்று அவன் விசைப்படகு வாங்கினான். அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய வள்ளம், சின்ன நாட்டுப்படகு. புருஷன் கடலில் செத்த பிறகும் அதை அவள் விடவில்லை. இரண்டு ஆட்களை வைத்து நண்டுவலை போட்டாள். கோயிலில் ரெக்ஸ் முன் வரிசையில் இருந்தால் இவள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு மறுநாள் கடல் என்பது துறைமுகத்தில் உள்ள ஏற்பாடு. நாட்டுப்படகு நாளொன்றில் வலையெடுக்கப் போனவர்கள் வெறும் கயிற்றோடு திரும்பினார்கள். யாரோ கடலடியை அரித்துப்போகும் இழுவைமடியை இழுத்து, ஜெபமாலையின் வலையோடு இன்னும் நான்கு பேர் வலையையும் கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அன்று விடியலில் அவள் மகள் ஆஸ்லின் ஜெட்டிப் பாலத்தில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். அதில் ஒரு படகு வெளியே போய்க்கொண்டிருந்தது. படகின் மேல், ஓட்டுகிறவன் நிற்கும் அறையான கூண்டு. சூசைமுத்துதான் முதலில் பார்த்தார். நாட்டுப்படகுக்காரர்களில் பெரிய ஆள் அவர்.

“பாத்தியா தங்கச்சி! கூண்டு வச்ச வள்ளம் எங்கனயாவது உண்டா? இது விசைப்படகு. கூண்டுச் சாயத்தப் பாரு, ஒன் தம்பி படகு!”

ஜெபமாலைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்.

மறுநாள் ஏலக் கூடத்தில் இரண்டு பக்கமும் கூடிவிட்டது. மீன்வளத்துறை ஆய்வாளர் கலைச்செல்வி போட்டோவைத் தன் லேப்டாப்பில் பெரிதாக்கி வைத்தார்.

“எம் படகு நங்கூரத்துலதான் கெடந்துச்சு” என்று ரெக்ஸ் கத்தினான்.

“பொய்யி! படகப் பிடிச்சு வையிங்க மேடம்!” சூசைமுத்துவின் ஆட்கள் பாய்ந்தார்கள். ஒருவன் ரெக்ஸின் சட்டையைப் பிடித்தான்.

“வலை ஒங்களோடது. நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றார் கலைச்செல்வி ஜெபமாலையிடம்.

ஜெபமாலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். படத்தில் முன்னால் ஒருவன் தண்ணீரிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. கட்டுமரம். மரங்கள் நீர்மட்டத்தோடு கிடப்பதால் அப்படி. அதற்கப்பால் நான்கு பேர் நெருக்கியடித்துத் துடுப்பு வலிக்கும் குட்டிப் படகு, டிங்கி. நங்கூரத்தில் கிடக்கும் பெரிய படகுகளுக்கு ஆள் கொண்டுபோவது. பிறகு அந்தக் கூண்டு.

அவள் கண் அங்கேயே நின்றது. கூண்டுக்கு முன்னால், படகின் முன்முனையான உயர்ந்த அணியத்திலிருந்து நங்கூரக் கயிறு விறைப்பாக இறங்கியது. அணியம் காற்றைப் பார்த்து வடக்கே நின்றது. தண்ணீரைக் கிழித்த நுரையோ கிழக்கே போனது. நிற்பது ஒன்று, போவது ஒன்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே படகாகத் தெரிகிறது. போகிற படகின் ஓரம் தாழ்ந்திருந்தது. பின்னால் ஒருவன் வெட்டவெளியில் நின்று சுக்கான் கட்டையைப் பிடித்திருந்தான். விசைப்படகில் கூண்டுக்குள் நின்றல்லவா ஓட்டுவார்கள்! வலையிழுக்கும் வின்ச் இல்லை, பின்னால் இரும்புச் சட்டம் இல்லை. பக்கவாட்டில் மட்டும் சாயம் பூசாத ஒரு புதுப் பலகை வெளுத்துத் தெரிந்தது.

அந்தப் பலகையைப் போன வாரம்தான் சூசைமுத்துவின் வள்ளத்தில் ஆசாரி அடித்தார். அவளே நின்று பார்த்தாள்.

வாயைத் திறந்தால் ரெக்ஸ் தப்பிப்பான். அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனால் வாயை மூடினால், கிழித்தவன் நாளைக்கும் கிழிப்பான்.

“கூண்டு பின்னால நிக்கிற படகோடது. போறது வள்ளம். சூசைமுத்து அண்ணன் வள்ளம்” என்றாள்.

கூடம் வெடித்தது.

“தம்பிகிட்ட என்ன வாங்கினே?” என்று சூசைமுத்து விரலை நீட்டினார்.

“அவங்கிட்ட வாங்குற கைய நானே வெட்டிப்போடுவேன். ஒங்க வள்ளத்துல தார்ப்பாயத் தூக்கிக் காட்டுங்கண்ணே.”

கலைச்செல்வி ஆட்களோடு போய்த் தூக்கினார். நாட்டுப்படகில் இருக்கவே கூடாத இழுவைமடியும், அதை விரித்துப் பிடிக்கும் இரண்டு சின்னப் பலகைகளும் அடியில் கிடந்தன. மடியில் ஜெபமாலையின் மஞ்சள் மிதப்புகள் சிக்கியிருந்தன. வள்ளத்தைப் பிடித்து வைத்தார்கள்.

வெளியே ரெக்ஸ் குறுக்கே வந்து நின்றான். “எனக்காகவா சொன்னே?”

“ஒனக்கா? படகு எதுன்னு சொன்னேன். வழிய விடு.”

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் சூசைமுத்துவின் வட்டத்தில் யாரும் அவள் நண்டை வாங்கவில்லை. வள்ளத்தைக் கரைக்கு இழுக்க ஆள் வரவில்லை. ஜெபமாலை அக்காள்மடம் ரோட்டோரம் தானே விற்கக் கூடையை இறக்கினாள். அந்தப் பக்கம் பைக்கில் போன சூசைமுத்துவின் மகன் வேண்டுமென்றே சேற்றைத் தெறிக்கவிட்டான். அவள் நண்டை அலசிக்கொண்டே, பைக் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் அவனைத் திட்டித் தீர்த்தாள்.