மூலைவிட்டத்தால் விழுந்த சைபர்

பொருளியல் விடைத்தாள் திருத்தும் முகாம் அந்த முறை காஞ்சிபுரத்தில், நான் பாடம் நடத்தும் கல்லூரியிலேயே நடந்தது. மத்தியானத்துக்குள் ஒரு கட்டு முடித்திருந்தேன். விடைக்குறிப்பில் இருப்பது தாளில் இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் சைபர். இதற்கு முனைவர் பட்டம் எதற்கு என்று என் மனைவி கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

இரண்டாவது கட்டில் ஒரு தாள். பாஸாக ஏழு மதிப்பெண் குறைந்தது. மிச்சமிருந்தது, இரண்டு பேர் இரண்டு பொருளைப் பண்டமாற்று செய்வதைக் காட்டும் எட்ஜ்வொர்த் பெட்டிப் படம் பற்றிய பத்து மதிப்பெண் கேள்வி மட்டும். பெட்டி சரியாக இருந்தது. ஆனால் ஒப்பந்தக் கோட்டை மூலைக்கு மூலை நேராக இழுக்காமல் வில் மாதிரி வளைத்திருந்தது அந்தப் பிள்ளை. விடைக்குறிப்பிலோ மூலைவிட்டம். சைபர் போடப் பேனாவை வைத்துவிட்டேன். கெட்ட வேளை, படித்தேன்.

அந்தப் பிள்ளை எழுதியிருந்தது இதுதான்: பிள்ளையார்பாளையத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டு, ரேஷன் அரிசி மொத்தம் பன்னிரண்டு கிலோ, கோதுமை ஆறு. பெட்டியின் அகலமும் உயரமும் அதுதான். முதல் வீட்டில் சப்பாத்திப் பிரியர்கள். கையில் எட்டு கிலோ அரிசி, இரண்டு கிலோ கோதுமை. அடுத்த வீட்டுக்குச் சோறுதான் உயிர். நாலு அரிசி, நாலு கோதுமை. முதல் கிலோ கோதுமை முக்கால் கிலோ அரிசிக்குக் கைமாறியது. அடுத்த கிலோவுக்கு அந்த வீடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ள, ஒன்றேகால் கிலோ அரிசி. இரண்டு தடவையும் இரண்டு வீட்டுக்கும் திருப்தி கூடியது. கூடாவிட்டால் யார் கொடுப்பார்கள்? இப்போது முதல் வீட்டில் ஆறு அரிசி, நாலு கோதுமை. இனி ஒரு பிடி கோதுமை ஒன்றரைப் பிடி அரிசிக்குச் சமம் என்றே இரண்டு வீடும் சொல்லும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அளவு திருப்தி தரும் பங்குகளைச் சேர்த்து இழுத்த சமநோக்கு வளைகோடுகள் இரண்டும் அங்கே தொட்டுக்கொள்கின்றன. ஒருவரைக் குறைக்காமல் மற்றவரைக் கூட்ட முடியாது. பரேட்டோ திறன் அதுதான். இப்படித் தொட்டுக்கொள்ளும் புள்ளிகளையெல்லாம் சேர்த்தால் ஒப்பந்தக் கோடு. ருசி வேறு வேறு என்பதால் அது வளைகிறது.

இதற்குச் சைபரா? முதன்மைத் தேர்வாளர் மேசைக்குப் போனேன்.

"சார், விடைக்குறிப்பு தப்பு."

"கீ வந்தாச்சு சார். அதுல போய் என்னா ஆராய்ச்சி?"

"மூலைவிட்டத்துல ஒரு புள்ளி எடுங்க. வீட்டுக்கு ஆறு அரிசி, மூணு கோதுமை. சப்பாத்தி வீடு ஒரு பிடி கோதுமைக்கு ரெண்டு பிடி அரிசி தரும். சோத்து வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வந்தாலே போதும். அப்ப வியாபாரம் இன்னும் பாக்கி இருக்குதே! ரெண்டு வீட்டு ருசியும் ஒண்ணா இருந்தாத்தான் கோடு நேராப் போவும்."

அவர் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏழுதானே வேணும்? வேற கேள்வியில ஏழு தூக்கிப் போட்டுருங்க. பையனோ பொண்ணோ பாஸ். கீயை நீங்க தொடாதீங்க, எனக்கும் தொல்லை இல்ல. ரெண்டு பேருக்கும் லாபம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், பெட்டிக்குள்ள நாம ரெண்டு பேருதான் இருக்கோம். வளைச்சுப் போட்ட மத்த பசங்க வெளிய நின்னுக்கினு இருக்காங்களே, அவங்க கிட்ட யாரு சம்மதம் கேட்டது? இந்தக் கீயை எழுதின மடையன் யாருன்னு சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கம் மடித்த இடத்தைத் திறந்து நீட்டினார். விடைக்குறிப்பு அதிலிருந்து வரிக்கு வரி எடுத்தது. மாணவர்களுக்காக நான் எழுதிய வினா விடைக் கையேடு அது.

படம் நினைவுக்கு வந்தது. அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள். வளைகோடு கையில் நடுங்கியது. ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. 'இரண்டு நுகர்வோர் விருப்பமும் ஒன்றானால்' என்ற வரிக்கு இடம் போதவில்லை என்று நானே அடித்தேன். அத்தனை பதிப்பிலும் அந்த வரி இல்லாமலேயே விற்றது.

"இப்ப சொல்லுங்க," என்றார். "மடையன் கிட்ட பேசுறீங்களா?"

காகிதம் கேட்டு வாங்கினேன். படம் தவறு, தவறு என்னுடையது, வளைகோடு சரி, மூலைவிட்டம் போட்டவர்களுக்குக் குறைக்க வேண்டாம், அவர்கள் என் கையேட்டைப் படித்தவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாயை இறுக்கிக்கொண்டு அவரும் போட்டார். அந்தத் தாளுக்கு ஒன்பது கொடுத்தேன். படத்தின் அச்சுகளில் எது அரிசி, எது கோதுமை என்று எழுதாததற்கு ஒன்று குறைத்தேன்.

திருத்தம் எல்லா மேசைக்கும் போனது. எதிர் மேசையில் திருத்தும் மேடம், கட்டி வைத்த கட்டை மறுபடி பிரித்தார். "காலையிலயே சொல்லக் கூடாதா சார்? ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸு போயிருச்சு."

காலையில் முடித்த என் முதல் கட்டைப் பிரித்தேன். நாலாவது தாளில் வளைகோடு, என் சைபர். பதினொன்றாவதில் இன்னொன்று. அதன் கீழே, "ருசி மாறினால் கோடு வளையும்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. அந்த வரியின் மேலேயே என் சிவப்புக் கோடு போயிருந்தது.