சரோஜா வாயில் வராத பக்கம்

ஓடிப்போகிறவள் மாமியாருக்கு இட்லி மாவைக் கரைத்து மூடி வைத்துவிட்டா ஓடுவாள்? வயலின் மாஸ்டரோடு காரில் ஏறிப் போனாளாம், விடிவதற்குள் போனாளாம், தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க இதே பேச்சு. மாஸ்டர் சசிதரன் காரோட்டினார், சரி. முன் சீட்டில் அவர் பொண்டாட்டி திலகா போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அது பக்கத்து வீட்டு சரோஜா கண்ணுக்குத் தெரியவில்லையா? என் மருமகள் ரஞ்சிதம் ஈப்போவுக்குப் பரீட்சைக்குப் போனாள். பரீட்சையில் திலகா பியானோ வாசிக்க, இவள் வயலின் வாசிக்க வேண்டும். பியானோக்காரி இல்லாமல் எப்படிப் போவது?

ரஞ்சிதத்துக்கு முப்பத்தெட்டு வயது. தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை. என் மகன் விஜயன் கியா பார்ம் தோட்டங்களிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். ரஞ்சிதம் சின்ன வயதிலேயே கோயில் பஜனையில் வயலின் பிடித்தவள். ஒரு தரம் காதில் விழுந்தால் போதும், அப்படியே வாசித்துவிடுவாள். சில வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தானா ராத்தா டவுனுக்குப் போய் சசிதரனிடம் முறையாகப் படிக்கிறாள்.

அவர்தான் சொன்னார். "ரஞ்சிதம், ரிங்லெட்ல சின்னப் பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை கிளாஸ் தொறக்கப் போறேன். நீயே நடத்து. ஆனா வயலின் பரீட்சையில அஞ்சாவது கிரேட் முடிச்சிருக்கணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

அன்றைக்கு அவள் வீட்டுக்குள் வந்த நடையே வேறு. ஃபேக்டரித் தூசியிலேயே காலம் போகும் என்று நினைத்திருந்தவளுக்கு, தன் பேரில் ஒரு வகுப்பு.

பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. மாஸ்டர் ஓர் அட்டையில் திட்டம் போட்டுக் கொடுத்தார், அவள் அதைக் குளிர்பெட்டி மேல் ஒட்டினாள். எழுத்து எனக்குத் தெரியாது, நிறம் தெரியும். மஞ்சள் என்றால் ஸ்கேல், ஸ்வரங்களை ஏணி மாதிரி ஏறி இறங்கி வாசிப்பது. சிவப்பு என்றால் பரீட்சைக்கென்று தேர்ந்தெடுத்த மூன்று பாட்டு. பச்சை என்றால் சைட் ரீடிங். அதுவரை பார்க்காத ஒரு தாளைப் பரிசோதகர் முன்னால் வைப்பார். அரை நிமிடம் பார்க்கலாம், அப்புறம் வாசித்தே ஆகவேண்டும்.

முதல் இரண்டு மாதம் மஞ்சள்தான் அதிகம். சிவப்பில் ஒரு பாட்டு மட்டும். பச்சை தினமும் கொஞ்சம், ஒரு நாளும் விடக்கூடாது. அடுத்த இரண்டு மாதம் மற்ற இரண்டு பாட்டும் சேர்ந்து சிவப்பு பெருக்கும், மஞ்சள் சுருங்கும். கடைசி மாதம் எல்லாவற்றையும் பரீட்சையில் கேட்பதுபோல் ஒரே மூச்சில் வாசித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேலைத் தாள் பார்க்காமல் வாசிக்கணும், எந்த ஸ்கேலைக் கேட்பார்கள் என்றும் தெரியாது. அதனால் பெயர்களைச் சீட்டில் எழுதி மைலோ டின்னில் போட்டாள். எடுத்துக் கொடுப்பது என் வேலை. குளிரில் விரல் மடங்காது, தேநீர்க் குவளையைக் கட்டிப்பிடித்துச் சூடேற்றிக்கொண்டு, "எடுங்க அத்தை" என்பாள். கஷ்டமான சீட்டு வந்தால் என்னை முறைப்பாள்.

"என்னைப் பாத்து என்னா செய்யறது? டின்னைப் பாரு!" என்பேன்.

லயத்துச் சுவர் பலகைச் சுவர். சரோஜா மறுபக்கத்திலிருந்து கத்துவாள். "ரஞ்சிதம், பூனைய விட்டுடு லா, பாவம்!"

மூன்றாவது மாதம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதம் முகம் செத்துத் திரும்பினாள். மாஸ்டர் புதுத் தாள் ஒன்றை முன்னால் வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது வரியில் நின்றாள், பின்னால் போனாள், மறுபடி நின்றாள்.

"இந்தத் தடவை வேணாமாம் அத்தை. அடுத்த பரீட்சைக்குப் பாக்கலாமாம். கிளாஸை வேற ஆளுக்குக் குடுக்கணும் போலன்னு சொல்றாரு."

"வீட்டுல நல்லாத்தானே வாசிக்கிற? பச்சை ஒரு நாள் விட்டியா?"

"விடல. அதான் புரியல."

எனக்கும் புரியவில்லை. மறுநாள் குழாயடியில் நானும் ரஞ்சிதமும் சரோஜாவும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். சரோஜா சோப்பு போட்டுக்கொண்டே ஏதோ ஒரு மெட்டை முனகினாள். கோயில் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை.

"எங்கடி புடிச்ச இதை?" என்றேன்.

"எங்க புடிக்கிறதா? ஒங்க மருமக தினமும் இதைத்தானே அறுக்கறா! என் வீட்டுக்காரர் பல்லு வெளக்கும்போதுகூட இதான் பாடறாரு அக்கா."

ரஞ்சிதம் கையில் நுரையோடு நிமிர்ந்தாள். "அது பாட்டு இல்ல. சைட் ரீடிங் பக்கம்."

"என்னா ரீடிங்கோ. இன்னும் நாலு இருக்கு, பாடவா?" என்றாள் சரோஜா. பாடியும் காட்டினாள், சுதி மட்டும் கொஞ்சம் விலகியது.

ரஞ்சிதம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள், "அத்தை, நான் தாளைப் பாத்துப் படிக்கவே இல்ல. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சிருக்கேன். ரெண்டாவது நாளே காது புடிச்சிக்குது, கண்ணு தூங்குது."

அவளுக்கு வரமாக இருந்த காதே காலை வாரியிருக்கிறது. மற்ற பிள்ளைகள் பத்து தரம் பார்த்தும் மறப்பார்கள், இவளுக்கு ஒரு தரமே மனப்பாடம்.

அன்று சாயந்திரமே மாஸ்டருக்குப் போன் போட்டாள். "சார், பரீட்சையிலேர்ந்து பேரை எடுத்துடாதீங்க. பக்கம்தான் தீந்து போச்சு, நான் தீரல" என்றாள். அவர் அலமாரியில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடந்தனவாம். வாரா வாரம் ஒன்றைக் கொடுத்தார், மறுவாரம் திருப்பி வாங்கிக்கொண்டார். பாட்டு மூன்றும் கைக்கு வந்துவிட்டதால் சிவப்பில் கொஞ்சம் வெட்டிப் பச்சைக்குக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தை ஒரு தரம்தான் வாசிக்கலாம். தப்பு வந்தாலும் நிற்கக்கூடாது, தாளம் விடாமல் போய்க்கொண்டே இருக்கணும்.

அதுதான் அவளுக்குப் பெரும்பாடு. தப்பு வந்தால் திரும்பிப் போய்த் திருத்துவது பஜனையில் வந்த பழக்கம். நான் அடுப்படியில் கரண்டியால் தாளம் தட்டினேன். நின்றாளானால், "லோரி நடு ரோட்டுல நிக்குது, பின்னால வண்டி வருது!" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே ஓட்டிவிடுவாள்.

சோதனைக்குத்தான் சரோஜா இருக்கிறாளே. எந்தப் பக்கமாவது அவள் வாயில் வந்துவிட்டால், இவள் அதை ஒரு தரத்துக்கு மேல் வாசித்துவிட்டாள் என்று அர்த்தம். போகப் போக அவள் வாயில் ஒன்றும் வரவில்லை. "இப்பெல்லாம் ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குது, ஒன் வாசிப்பு கெட்டுப் போச்சு" என்று குறை வேறு சொன்னாள்! கடைசி மாதம் மாஸ்டர் ஒரு தாளை வைக்க, ரஞ்சிதம் இரண்டு ஸ்வரம் தப்பி, நிற்காமல் கடைசி வரை போனாளாம். "ஈப்போவுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டார்.

மார்க்கு வர நாளாகும். வரும், எனக்குத் தெரியும்.

பரீட்சைக்குக் கிளம்பிய அன்றைக்கு வெளியே பனி மூடியிருந்தது. ரஞ்சிதம் புடவை கட்டிப் பொட்டு வைத்து, வயலின் பெட்டியை மூடப் போனவள், மீதமிருந்த ஒரே ஒரு புதுப் பக்கத்தை எடுத்து ஸ்டாண்டில் வைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணால் மட்டும் மேய்ந்தாள். அப்புறம் வில்லை எடுத்தாள். நடுவில் ஓரிடம் சறுக்கியது. நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது. சரோஜாவின் தூக்கக் குரல். "அலமாக்! விடியறதுக்குள்ளயா? என்னாடி இது, கேக்காத பாட்டா இருக்கு?"

ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். வில்லைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்தாள். கீழே கார் ஹாரன் அடித்தது.

"மாவு கரைச்சி வச்சிருக்கேன் அத்தை," என்று சொல்லிவிட்டு, வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து போனாள்.